அடுத்த தெரு கிளினிக்குக்கும் பொருந்தினால் அடித்துவிடுங்கள்: ஸ்வாட் தாளிலிருந்து முடிவுக்கு

பெங்களூரில் சிறு கிளினிக்குகளுக்குத் திட்ட அறிக்கை எழுதிக் கொடுப்பது என் தொழில். அல்சூரில் தனியாக கிளினிக் நடத்தும் ஒரு டாக்டர், நான் போய் உட்கார்ந்ததும் ஒரு தாளை நீட்டினார். "ஸ்வாட் எழுதி முடித்துவிட்டேன் சார். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள்."

ஒரு தொழிலின் நிலையை நான்காகப் பிரித்துப் பார்க்கும் முறைதான் ஸ்வாட். தாளில் நான்கு கட்டங்கள். பலம்: அனுபவமுள்ள மருத்துவர், நோயாளிகளின் நம்பிக்கை, நல்ல இடம். பலவீனம்: இடம் சிறியது, விளம்பரம் இல்லை. வாய்ப்பு: மக்களிடையே வளரும் உடல்நல விழிப்புணர்வு, சொந்த லேப் தொடங்கலாம். அச்சுறுத்தல்: போட்டி, கார்ப்பரேட் மருத்துவமனைகள், கர்நாடக அரசின் இலவச நம்ம கிளினிக்.

கிளினிக்கின் பெயரை மறைத்துவிட்டால் இது ஜெயநகரில் இருக்கும் ஒரு பல் மருத்துவரின் தாள் என்றாலும் நம்பலாம். இந்தத் தாளை முடிவுகளாக மாற்ற எங்களுக்கு ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆயின. அதில் பெரும்பகுதி பதிவேடு எழுதிய காலம். செய்த வரிசையிலேயே சொல்கிறேன். டாக்டர் யாரென்று தெரியாமலிருக்க எண்களைத் தோராயமாக்கியிருக்கிறேன்.

1. முதலில் கேள்வி, பிறகு கட்டங்கள்

"இப்போது எதற்காக இதை எழுதினீர்கள் டாக்டர்?" என்று கேட்டேன். பக்கத்துக் கடை அறை காலியாகிறதாம். வாடகை மாதம் 18,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ். எடுத்தால் காத்திருக்கும் இடத்தைப் பெரிதாக்கலாம், அல்லது லேப் வைக்கலாம். கையில் 4 லட்சம் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் பதில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உண்மையான கேள்வி இதுதான். தாளில் இது எங்குமே இல்லை.

தாளின் தலையில் ஒரே வரி எழுதச் சொன்னேன்: "பக்கத்து அறையை எடுப்பதா? இல்லையென்றால் இந்த 4 லட்சத்தையும் அடுத்த 12 மாதங்களையும் எதில் செலவிடுவது?" கேள்வி மேலே இருந்தால், கீழே வரும் ஒவ்வொரு வரியும் அதற்குப் பதில் சொல்ல உதவுகிறதா என்று பார்க்கலாம். கேள்வி இல்லாவிட்டால் உலகத்தில் உள்ள எல்லாமே கட்டங்களுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உங்களுக்கு அப்படி ஒரு கேள்வியே இல்லையென்றால் ஸ்வாட்டை இப்போது தொடாதீர்கள். கேள்வி வரும்போது எழுதிக்கொள்ளலாம்.

2. எழுதும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

முதலாவது, 12 வாரப் பதிவேடு. பெரும்பாலான சிறு கிளினிக்குகளில் பெயர், வயது, கட்டணம் ஆகிய மூன்றும்தான் எழுதுகிறார்கள். இவற்றோடு நான்கைச் சேர்க்க வேண்டும்: டோக்கன் வாங்கிய நேரம், டாக்டரிடம் போன நேரம், வந்த காரணம் (காய்ச்சல் போன்ற திடீர்க் கோளாறா, சர்க்கரை அல்லது இரத்த அழுத்தத்துக்கான மறுபரிசோதனையா), பார்க்காமலே திரும்பிப் போனாரா. இந்தக் கடைசி விஷயம் எந்தக் கிளினிக்கிலும் பதிவாவதில்லை. போனவர் பணம் தரவில்லை, அதனால் நோட்டிலும் இல்லை.

நேரத்தை எழுதும் பொறுப்பு வரவேற்பில் இருப்பவருக்குத்தான் பொருந்தும். டாக்டர் தானே எழுதுகிறேன் என்றால் மூன்றாம் நாள் நின்றுவிடும்.

இரண்டாவது, மூன்று மாதச் செலவுக் கணக்கு. இதில் சொல்ல அதிகமில்லை.

மூன்றாவது, ஒரு நாள் வெளி நடை. அச்சுறுத்தல் என்று யாரைச் சொல்கிறீர்களோ அவர்களின் வாசலில் போய் நின்று பாருங்கள். நம்ம கிளினிக்கின் பலகையில் என்ன நேரம் எழுதியிருக்கிறது, எந்தப் பரிசோதனைகள் இலவசம், வரிசையில் நிற்பவர்கள் யார்? நேரம் இடத்துக்கு இடம் மாறலாம், மாற்றப்படவும் செய்யலாம். ஆகவே செய்தித்தாளில் படித்ததை எழுதாமல் உங்கள் தெருவிலுள்ள பலகையில் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

3. ஒவ்வொரு வரியையும் பதிவேட்டின் முன் நிறுத்துங்கள்

அதிக நேரம் பிடிப்பதும் அதிகம் கற்றுக்கொடுப்பதும் இந்தப் படிதான். சோதனைகள் இரண்டு. இந்த வரி அடுத்த தெரு கிளினிக்குக்கும் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிடுங்கள். இதற்கு என் கணக்கில் ஓர் எண் இருக்கிறதா? இல்லையென்றால் எண் கிடைக்கும்வரை அது ஊகம்.

"இடம் சிறியது" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கிளினிக் வாரத்தில் ஆறு நாள், காலை 9.30 முதல் 1 வரை, மாலை 5.30 முதல் 9 வரை. பதிவேட்டின்படி ஒரு நாளைக்குச் சராசரியாக 38 பேரை டாக்டர் பார்க்கிறார்: காலையில் 11, மாலையில் 27. ஆனால் மாலையில் கொடுத்த டோக்கன் 31. நாளொன்றுக்கு நான்கு பேர் பார்க்காமலே எழுந்து போகிறார்கள் என்று அன்றுதான் டாக்டருக்குத் தெரிந்தது.

மேலும் தோண்டினோம். 31 டோக்கனில் 20 டோக்கன் மாலை 6.30 முதல் 8 மணிக்குள் வருகிறது. ஒருவருக்கு டாக்டர் எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக 7 நிமிடம். அந்த 90 நிமிடத்தில் 13 பேரைத்தான் பார்க்க முடியும். யாரும் எழுந்து போகாவிட்டால், 8 மணிக்கு வருபவருக்கு முன்னால் ஏழு பேர், அதாவது 49 நிமிடம்.

காலையிலோ 11 பேருக்கு 77 நிமிடம் போதும். மூன்றரை மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் டாக்டர் சும்மா இருக்கிறார்.

ஆக, நாற்காலி பற்றாமல் போவது ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மட்டும்தான். அறையை இரண்டு மடங்காக்கினாலும் டாக்டர் ஒருவர்தான், காத்திருப்பு 49 நிமிடம்தான். உட்கார்ந்து காத்திருப்பார்கள், அவ்வளவே. வரியைத் திருத்தினோம்: "மாலை 6.30 முதல் 8 வரை டாக்டரால் பார்க்க முடிவதைவிட ஏழு பேர் கூடுதலாக வருகிறார்கள். அவர்களில் நான்கு பேர் திரும்பிவிடுகிறார்கள்."

அடுத்து "நோயாளிகளின் நம்பிக்கை". டாக்டருக்கு இந்த வரியின் மேல் பாசம் அதிகம். கடந்த ஓராண்டில் சர்க்கரை அல்லது இரத்த அழுத்தத்துக்காக ஒரு முறையேனும் வந்தவர்கள் 240 பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். 12 வாரத்தில் வந்தவர்கள் 130. மீதி 110 பேர் எங்கே?

நர்ஸ் அவர்களில் 40 பேரைத் தொலைபேசியில் பிடித்துக் காரணம் கேட்டார். 14 பேர், நம்ம கிளினிக்கில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது, அங்கேயே போகிறோம் என்றார்கள். 11 பேர் வீடு மாறிவிட்டார்கள். 9 பேர் "தொந்தரவு ஒன்றும் இல்லை, அதனால் வரவில்லை" என்றார்கள். 6 பேருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை.

எனக்கு இதில் பிடித்தது அந்த 14. அச்சுறுத்தல் கட்டத்தில் "நம்ம கிளினிக்" என்று இருந்ததைப் பார்த்தபோது, அது டாக்டரின் நோயாளிகளைப் பிடுங்குவதாகவே இருவரும் நினைத்தோம். அவர்களோ மாத்திரை விலையிலிருந்து தப்பிக்கத்தான் போயிருக்கிறார்கள். டாக்டரைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

"தமிழ் பேசும் டாக்டர்" என்பதைப் பலமாகச் சேர்க்கலாமா என்று கேட்டார். அல்சூரில் அது பலமில்லை. அந்தத் தெருவில் பல கிளினிக்குகளில் தமிழ் புழங்குகிறது. ஆனால் பதிவேட்டில் வேறொன்று தென்பட்டது. பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர்கள் வாரத்துக்கு மூன்று பேராவது கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். டாக்டர் பொறுமையாகத் தமிழில் விளக்குகிறார். வெறும் மொழியைவிட இது குறிப்பானது, ஆகவே பலத்தில் ஏறியது. ஒருவருக்கு 20 நிமிடம் ஆகிறது, அதுவும் மாலை நெரிசலில் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொண்டோம்.

"கார்ப்பரேட் மருத்துவமனைகள்", "உடல்நல விழிப்புணர்வு" இரண்டுக்கும் எண் எதுவும் கிடைக்கவில்லை. அடித்தோம்.

4. சரியான கட்டத்தில் வையுங்கள்

ஒரு வரி உள்விஷயமா, வெளிவிஷயமா என்று குழம்பினால் ஒரு கேள்வி போதும்: நாளைக் காலை நானே ஓர் உத்தரவு போட்டு இதை மாற்ற முடியுமா? முடிந்தால் உள்விஷயம், பலம் அல்லது பலவீனம். முடியாவிட்டால் வெளியே இருப்பது. வாய்ப்பு அல்லது அச்சுறுத்தல்.

புதிதாக எழுதுபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் தவறுவது வாய்ப்புக் கட்டத்தில். "சொந்த லேப் தொடங்கலாம்" என்பது வாய்ப்பே அல்ல. அது ஒரு செயல், அதாவது ஆராய்ச்சி முடியும் முன்பே வந்துவிட்ட முடிவு. வாய்ப்பு என்பது நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் வெளியே இருந்துகொண்டிருப்பது. அதைத் தேடினோம்: "சாப்பிடாமல் இரத்தம் கொடுக்க வேண்டிய முதியவர்கள் காலையில் ஆட்டோ பிடித்துத் தொலைவிலுள்ள லேப்புக்குப் போகிறார்கள், பலர் போகாமலே விட்டுவிடுகிறார்கள்." இப்படி எழுதியதும், லேப் தொடங்குவது பல வழிகளில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது.

"செய்யலாம்", "தொடங்கலாம்" என்று முடியும் வரி எந்தக் கட்டத்தில் இருந்தாலும் அதை எடுத்துத் தனித்தாளில் வைத்துவிடுங்கள். ஏழாம் படியில் அது தேவைப்படும்.

5. கட்டத்துக்கு மூன்று போதும்

மேலே உள்ள கேள்விக்குப் பதிலை மாற்றக்கூடிய வரிகள் மட்டும் நிற்கட்டும். எங்களுக்கு மொத்தம் ஏழுதான் மிஞ்சின. கட்டம் காலியாகத் தெரிகிறதே என்று நிரப்பாதீர்கள். வங்கி மேலாளருக்குக் காட்ட வேண்டும் என்று நிரப்பிய வரிகளை அவரும் படிப்பதில்லை.

6. குறுக்கே கோர்த்து, ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

நான்கு கட்டங்களையும் தனித்தனியே வைத்திருந்தால் எத்தனை நாள் பார்த்தாலும் முடிவு பிறக்காது. உள்ளே இருக்கும் ஒன்றை வெளியே இருக்கும் ஒன்றோடு இணைக்க வேண்டும். வடிவம் இது: "எங்களிடம் இது இருப்பதால், வெளியே அது நடப்பதால், இதைச் செய்வோம்." மூன்றாம் பகுதி முதல் இரண்டிலிருந்து தானாக வர வேண்டும். முதல் இரண்டையும் மறைத்தாலும் மூன்றாவது அப்படியே நிற்கிறதென்றால் நீங்கள் ஏற்கெனவே ஆசைப்பட்டதை எழுதியிருக்கிறீர்கள்.

எங்களுக்குக் கிடைத்தவை மூன்று.

பலவீனமும் வாய்ப்பும்: மாலையில் ஏழு பேர் கூடுதலாக வருவதாலும், காலையில் இரத்தம் கொடுக்க இடமில்லாமல் முதியவர்கள் அலைவதாலும், மறுபரிசோதனையைக் காலைக்கு மாற்றி, இரத்த மாதிரியையும் கிளினிக்கிலேயே எடுக்க ஏற்பாடு செய்வோம்.

பலமும் வாய்ப்பும்: மருத்துவமனைக் கோப்பைத் தமிழில் விளக்குவதற்காகவே ஆட்கள் வருவதாலும், அவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகாத முதியவர்கள் என்பதாலும், அதற்கும் காலையிலேயே தனி நேரம் கொடுப்போம்.

பலமும் அச்சுறுத்தலும்: டாக்டர் மேல் குறை இல்லாததாலும், மாத்திரை விலைக்காகத்தான் விலகுகிறார்கள் என்பதாலும், மாத்திரைக்காக நம்ம கிளினிக்கோடு மல்லுக்கட்ட மாட்டோம். நம்ம கிளினிக்கில் மாத்திரை வாங்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இங்கே வந்து பார்த்துக்கொள்ளச் சொல்வோம். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயரை எழுதுவோம். அப்படிப்பட்ட மருந்துகளை மலிவாக விற்கும் மக்கள் மருந்தகத்திலும் வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதை ஒப்புக்கொள்ள டாக்டருக்கு இரண்டு நாள் ஆயிற்று. "போட்டியாளரிடம் நானே அனுப்புவதா?" என்றார். அந்த 14 பேர் ஏற்கெனவே போய்விட்டார்கள் என்பதைப் பதிவேட்டில் காட்டினேன்.

7. கணக்கும் சட்டமும் கொண்டு வடிகட்டுங்கள்

இப்போது தனித்தாளில் வைத்த ஆசைகளையும் குறுக்கே பிறந்த வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பக்கத்து அறை: மாதம் 18,000 வாடகை. அட்வான்ஸ் 1,80,000, கையிருப்பில் ஏறக்குறைய பாதி. காத்திருப்பைக் குறைப்பது பூஜ்யம் நிமிடம்.

சொந்த லேப்: நாளொன்றுக்கு எழுதிக்கொடுக்கும் பரிசோதனைகள் ஒன்பது. ஒன்றுக்கு 80 ரூபாய் மிஞ்சும் என்று வைத்தாலும், 26 நாளுக்கு 18,720. டெக்னீஷியன் சம்பளமாக 22,000 கேட்கிறார்கள். இயந்திரத்தைத் தொடும் முன்பே நஷ்டம். கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் லேப்புக்கும் பதிவு வேண்டும்.

மறுபரிசோதனையைக் காலைக்கு மாற்றுவது: நெரிசல் நேரத்து 20 பேரில் ஏழு பேர் மறுபரிசோதனைக்கு வருபவர்கள். அவர்களில் நான்கு பேரை மாற்ற முடிந்தால் மிஞ்சுவது மூன்று பேர், காத்திருப்பு 21 நிமிடம். திரும்பிப் போகும் நான்கு பேரில் இரண்டு பேராவது தங்கினால், கட்டணம் 300 வீதம் 26 நாளுக்கு 15,600 ரூபாய். செலவு ஏறக்குறைய இல்லை.

சட்டப் பக்கத்தில் இரண்டு இடங்களில் சறுக்குவார்கள். "லேப்பிடம் கமிஷன் வாங்கலாம்" என்பதை வருமானமாக எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். மருத்துவர்களின் தொழில் ஒழுக்கம் குறித்த 2002-ஆம் ஆண்டு விதிகள், நோயாளியையோ பரிசோதனை மாதிரியையோ அனுப்புவதற்குக் கமிஷன் பெறுவதைத் தடுக்கின்றன. எங்கள் ஏற்பாட்டில் நோயாளி நேராக லேப்புக்குப் பணம் தருகிறார். கிளினிக்குக்கு ஒரு ரூபாய்கூட வருவதில்லை. டாக்டருக்குக் கிடைப்பது, அறிக்கையோடு வந்து உட்காரும் நோயாளி.

மற்றொன்று விளம்பரம். "விளம்பரம் இல்லை" என்ற பலவீனத்தைப் படித்ததும் முகநூலில் பணம் கட்டத் தோன்றும். அதே விதிகள் மருத்துவர் விளம்பரம் செய்து நோயாளிகளைத் தேடுவதையும் தடுக்கின்றன. ஏற்கெனவே நம்மிடம் வந்தவருக்கு, அவர் சம்மதத்தோடு, மறுபரிசோதனை நாளை நினைவூட்டுவது வேறு விஷயம். அந்தச் சம்மதத்தைப் பதிவேட்டிலேயே ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொண்டோம்.

8. முடிவுத் தாள்

இதற்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு முடிவுக்கும் யார், எப்போது, எதை எண்ணிப் பார்ப்பது, எப்போது கைவிடுவது என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசியானதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விட்டால் தோற்ற முடிவும் பழக்கமாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தாளின் சுருக்கம் இது:

- பக்கத்து அறை வேண்டாம். டாக்டர் 10-ஆம் தேதிக்குள் உரிமையாளரிடம் சொல்வார்.
- காலை 10 முதல் 11.30 வரை மறுபரிசோதனைக்கும் கோப்பு விளக்கத்துக்கும் 15 நிமிடம் வீதம் ஆறு நேரங்கள். கோப்போடு வருபவருக்கு இரண்டு நேரங்கள் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பொறுப்பு வரவேற்பாளர். எட்டு வாரத்தில் சராசரி மூன்றுகூட நிரம்பாவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி யோசிப்பது.
- செவ்வாய், வெள்ளி காலை 7.30 முதல் 9 வரை வெளி லேப்பின் ஆள் வந்து இரத்தம் எடுப்பார். ஊசியும் பஞ்சும் யாருடைய கழிவு, யார் அகற்றுவது என்பது எழுத்தில். பொறுப்பு நர்ஸ்.
- வராத 110 பேர் பட்டியலில் நாளுக்கு ஐந்து அழைப்பு, மதியம் 12-க்கு மேல். பொறுப்பு நர்ஸ். எண்ண வேண்டியது அழைப்புகளை அல்ல, வந்தவர்களை.

ஆறு நேரங்கள் போதுமா என்று சரிபார்த்தோம். வாரத்துக்கு 36, பன்னிரண்டு வாரத்துக்கு 432. 240 பேருக்குத் தாராளம். காலையில் டாக்டருக்கு இருந்த இரண்டு மணி நேர இடைவெளிக்குள்ளும் அடங்குகிறது. இந்தச் சரிபார்ப்பைச் செய்யாமல் பத்து நேரங்கள், பன்னிரண்டு நேரங்கள் என்று ஆரம்பித்திருந்தால், காலையில் காய்ச்சலோடு வருபவர் காத்திருக்கத் தொடங்கியிருப்பார்.

9. தொண்ணூறாம் நாள் அதே தாளை எடுங்கள்

புதிதாக எழுத வேண்டாம். பழைய ஏழு வரிகளுக்குப் பக்கத்தில் புதிய எண்ணை எழுதினால் போதும்.

காலை நேரங்கள் ஆறில் சராசரியாக நான்கு நிரம்பின. மாலையில் திரும்பிப் போகிறவர்கள் நான்கிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். ஆனால் நாங்கள் காலைக்கு வருவார்கள் என்று நம்பிய சில முதியவர்கள் மாலை 6.30-க்கே வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பாட்டியிடம் கேட்டதற்கு, "மகன் ஆபீஸ் விட்டு வரும்போதுதான் வண்டியில் கொண்டுவந்து விடுவான்" என்றார். நோயாளிக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்தோமே தவிர, அழைத்து வருபவருக்கு நேரம் இருக்கிறதா என்று பதிவேட்டில் கேட்கவே இல்லை. அந்தப் பத்தியைச் சேர்த்து, சனிக்கிழமைக் காலையில் மட்டும் நேரங்களை ஆறிலிருந்து எட்டாக்கினோம்.

"இடம் சிறியது" என்ற வரியும் திரும்பி வந்தது. இந்த முறை எண்ணோடு: செவ்வாய்க்கிழமை காலை 7.45-க்கு, சாப்பிடாமல் வந்தவர்கள் 12 பேர், நாற்காலிகள் 7. ஐந்து பேர் வாசற்படியில். பக்கத்து அறைக்கு அதற்குள் ஒரு தையல்காரர் வந்துவிட்டார். லேப்காரரிடம் பேசி வியாழக்கிழமையையும் சேர்த்தோம். இப்போது ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருப்பதில்லை. ஒரு நாற்காலி வாங்கினார் டாக்டர்.